கடலின் தினசரிப் பயணம்: எடை போட்டுப் பார்த்தால் எது பெரியது?

கேள்வி: மகள் உயர்நிலை மூன்றில் படிக்கிறாள். ஆப்பிரிக்காவில் வில்டபீஸ்ட் மந்தை போவதுதான் உலகிலேயே பெரிய விலங்குப் பயணம் என்று நான் நினைத்திருந்தேன். அவளோ, கடலில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத விலங்கு மிதவையுயிரிகள் தினமும் ராத்திரி மேலே வந்து பகலில் கீழே போவதுதான் பெரியது என்கிறாள். எதை வைத்து அப்படிச் சொல்கிறார்கள்? எதற்காக அவை அப்படிப் போய் வருகின்றன? நம் சிங்கப்பூர்க் கடலிலும் இது நடக்கிறதா?

மகள் சொல்வது சரி. ஆனால் எந்த அளவுகோலில் பெரியது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழுமையாகும். ஒரு தனி விலங்கு கடக்கும் தூரத்தை வைத்துப் பார்த்தால், ஆர்க்டிக்கிலிருந்து அண்டார்க்டிக் வரை பறந்து திரும்பும் ஆலாப் பறவையை எந்த மிதவையுயிரியும் நெருங்க முடியாது. நகரும் உடல்களின் மொத்த எடையை வைத்துப் பார்த்தால்தான் கடல் முந்துகிறது. அதுவும் சிறிய வித்தியாசத்தில் இல்லை.

காகிதத்தில் போட்டுப் பார்ப்போம். செரங்கெட்டியில் சுற்றி வரும் வில்டபீஸ்ட்கள் ஏறத்தாழ 1.3 மில்லியன். ஒன்றுக்குச் சராசரியாக 190 கிலோ என்று வைத்துக்கொண்டால் மொத்தம் சுமார் 250,000 டன். கூடவே போகும் வரிக்குதிரைகளையும் மான்களையும் சேர்த்தாலும் கணக்கு பெரிதாக மாறாது. இப்போது கடல் பக்கம் வருவோம். 200 மீட்டருக்கும் 1,000 மீட்டருக்கும் இடைப்பட்ட மங்கல் அடுக்கில் வாழும் மீன்களின் மொத்த எடைக்கு 1980இல் ஒரு மதிப்பீடு வந்தது: ஏறத்தாழ 1 பில்லியன் டன். இன்று கையில் இருக்கும் மதிப்பீடுகளில் இது மிகக் குறைந்த பக்கத்தில் இருப்பது. வேண்டுமென்றே அதையே எடுத்துக்கொள்கிறேன். எல்லா மீனும் தினமும் மேலே வருவதில்லை. மூன்றில் ஒரு பங்குதான் வருகிறது என்று இன்னும் குறைத்து வைப்போம். அப்போதும் 330 மில்லியன் டன் கிடைக்கிறது. உலகில் இன்று வாழும் மனிதர்கள் எல்லாரையும் ஒரே தராசில் ஏற்றினால் கிட்டத்தட்ட 400 மில்லியன் டன் வரும். ஏறக்குறைய அந்த அளவு எடை, ஒவ்வொரு ராத்திரியும் மேலே ஏறி விடியலில் கீழே இறங்குகிறது. வில்டபீஸ்ட் மந்தையைப் போல 1,300 மடங்கு. இதில் மிதவையுயிரிகளை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. மீன்களை மட்டும்தான் எண்ணியிருக்கிறேன். உண்மையில் அந்த மீன்கள் மேலே வருவதே மிதவையுயிரிகளைத் துரத்திக்கொண்டுதான்.

எடையோடு தூரத்தையும் பெருக்கிப் பார்க்கலாமே என்று மகள் கேட்டால், அதையும் செய்யலாம். வில்டபீஸ்ட் வருடத்துக்கு ஒரு சுற்று, சுமார் 800 கிலோமீட்டர். கடலில் 300 மீட்டர் ஏற்றம், 300 மீட்டர் இறக்கம் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 600 மீட்டர். வருடத்துக்கு 219 கிலோமீட்டர். டன்னையும் கிலோமீட்டரையும் பெருக்கினால் மந்தைக்கு 200 மில்லியன் வருகிறது, கடலுக்கு 72 பில்லியன் வருகிறது. எடையில் இருந்த 1,300 மடங்கு இங்கே சுமார் 360 மடங்காகக் குறைகிறது, ஆனாலும் எந்தப் பக்கம் கனம் என்பதில் சந்தேகம் இல்லை. குறைந்த மதிப்பீட்டை எடுத்து, அதையும் மூன்றாக வெட்டி, மிதவையுயிரிகளையும் விட்டுவிட்டுப் போட்ட கணக்கு இது. அதனால்தான் இந்தப் பட்டத்தை ஆய்வாளர்கள் தயங்காமல் கொடுக்கிறார்கள்.

இதை யார் எண்ணினார்கள், எப்படி எண்ணினார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நான் ஆய்வுக் கப்பலில் எதிரொலிமானித் திரைக்கு முன்னால் உட்கார்ந்து வேலை செய்தவன். அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன்.

இரவில் வலை வீசினால் மேற்பரப்பில் மிதவையுயிரிகள் அதிகம் கிடைக்கின்றன என்பது பழைய செய்தி. 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சேலஞ்சர் கப்பலின் ஆய்வாளர்களும் அதைக் கவனித்திருக்கிறார்கள். ஆனால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உலகத்துக்குக் காட்டியது போர். 1942இல், நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டுபிடிக்கும் ஒலிக்கருவிகளைக் கலிஃபோர்னியாவின் சான் டியேகோ கரைக்கு அப்பால் சோதித்துக்கொண்டிருந்தார்கள். கடலின் அடித்தளம் இன்னும் எவ்வளவோ கீழே இருக்க, சில நூறு மீட்டர் ஆழத்திலேயே ஒலி பரவலாகத் திரும்பி வந்தது. தளம் போலத் தெரிந்தது, ஆனால் தளம் இல்லை. கருவிக்கோளாறும் இல்லை, ஏனென்றால் பல மைல் தூரத்துக்கு அது தொடர்ந்து வந்தது. ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிலையத்தைச் சேர்ந்த மார்ட்டின் ஜான்சன் என்ற உயிரியலாளர், இது உயிருள்ள ஒன்றாக இருந்தால் இரவில் மேலே வர வேண்டும் என்று யோசித்தார். 1945இல் கப்பலை வைத்துக்கொண்டு ஒரு முழு நாள் சுற்றும் பார்த்தார்கள். அந்தி சாய்ந்ததும் அந்தப் ‘பொய்த் தளம்’ மேலே எழும்பியது, விடியலில் மறுபடி இறங்கியது. கடலின் தளம் ராத்திரி எழுந்து நடக்காது. ஆகவே அது விலங்குகள்தான். அந்த அடுக்குக்கு ஆழ்ச் சிதறல் படலம் என்று பெயர் வந்தது. பிற்பாடு தேடத் தேட, ஆழ்கடல் இருக்கும் இடமெல்லாம் அது இருந்தது.

திரையில் அது எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். கிடை அச்சில் நேரம், செங்குத்து அச்சில் ஆழம், எதிரொலியின் பலத்துக்கு ஏற்ப நிறம். நண்பகலில் 400 மீட்டரை ஒட்டி ஒரு கனமான பட்டை கிடக்கும். மேலே பெரும்பாலும் வெறுமை. மாலையில் வெளிச்சம் குறையத் தொடங்கியதும் அந்தப் பட்டையின் மேல்விளிம்பு கலைந்து, ஒரு சாய்கோடாக எழும். முதலில் மெல்லிய இழை, பிறகு ஒன்றன்பின் ஒன்றாக இன்னும் இரண்டு மூன்று இழைகள், ஒவ்வொன்றும் கொஞ்சம் வேறு சரிவில். வேறு வேறு இனங்கள் வேறு வேறு வெளிச்ச அளவில் கிளம்புவதால் அப்படிப் பிரிகிறது. பட்டை முழுவதும் எழும்புவதில்லை. ஒரு பகுதி அங்கேயே தங்கிவிடும். இரவு எட்டு எட்டரைக்குள் மேல் 100 மீட்டரில் நிறம் கெட்டியாகிவிடும். விடியலில் அதே படம் தலைகீழாக. பூமத்தியரேகைப் பக்கம் அந்தி மிகக் குறுகியது என்பதால் இங்கே அந்தச் சாய்கோடு கூர்மையாக வரும். உயர் அட்சரேகைகளின் கோடையில் அது சோம்பலாக இழுபடும்.

ஆனால் எதிரொலியை எடையாக மாற்றுவதில்தான் சிக்கல் எல்லாம் இருக்கிறது. 1 பில்லியன் டன் என்ற 1980 மதிப்பீடு பெரும்பாலும் வலைவீச்சை நம்பியது. இந்த ஆழத்து மீன்களில் முக்கியமான லாந்தர் மீன்களுக்குப் பெரிய கண்கள். நெருங்கி வரும் வலையை உணர்ந்து விலகிவிடும். அப்போது வலை குறைத்துக் காட்டும். 2010-11இல் உலகைச் சுற்றிய ஸ்பெயினின் மலஸ்பினா பயணத்தில் ஒலிக்கருவிகளை வைத்துக் கணக்கிட்டபோது, அந்த மீன்கள் 10 பில்லியன் டன் அளவுக்குக்கூட இருக்கலாம் என்று வந்தது. செய்தித்தாள்களில் ‘தினமும் 10 பில்லியன் டன் விலங்குகள்’ என்று வருவது பெரும்பாலும் இங்கிருந்து கிளம்பிய எண். அதை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கம் உண்டு. ஒலி திரும்புவது சதையில் பட்டு அல்ல, முக்கியமாக வாயுவில் பட்டு. மீனின் நீந்து பையில் இருக்கும் சிறிய வாயுக் குமிழி, அந்த மீனின் சதை முழுவதையும்விடப் பலமான எதிரொலி தரும். சைஃபனோஃபோர் என்று ஒரு விலங்கு; சொறிமீனின் உறவு. உடல் வெறும் கூழ், ஆனால் உச்சியில் ஒரு வாயுக் குமிழி வைத்திருக்கும் இனங்கள் உண்டு. திரையில் அது ஒரு மீனைப் போலவே ‘கத்தும்’. அதை மீன் என்று எண்ணினால் எடை எகிறிவிடும். எதிர்ப்பக்கம், நீந்து பை இல்லாத மீன்களும், பையில் வாயுவுக்குப் பதில் கொழுப்பை நிரப்பிக்கொண்ட மீன்களும் இருக்கின்றன. அவை திரையில் கிட்டத்தட்டக் காணாமலே போகும்.

இதைப் பிரித்தறிய ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களில் ஒலி அனுப்புவார்கள். 38 கிலோஹெர்ட்ஸில் நீருக்குள் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர். மீன்களின் வாயுப் பைக்கு அது பொருந்தும், 3 மில்லிமீட்டர் உயிரியை அது பொருட்படுத்தாது. 300 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் அரை சென்டிமீட்டர். அதில்தான் சிறிய ஓடுடைய உயிரிகள் தெரியத் தொடங்கும், ஆனால் அந்த ஒலி ஆழம் வரை போகாது, வழியிலேயே தேய்ந்துவிடும். ஆகவே கப்பலிலிருந்து பார்த்தால் ஆழத்தில் இருக்கும் சிறியவற்றைக் காண முடியாது; கருவியையே கம்பியில் கட்டி இறக்க வேண்டும். கூடவே வலையும் காமிராவும் போக வேண்டும். மூன்றும் ஒத்துப்போனால் நம்பலாம். ஒன்று மட்டும் சொன்னால் அந்த எண்ணைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். மேலே நான் குறைந்த மதிப்பீட்டை எடுத்துக் கணக்குப் போட்டதற்கும் இதுதான் காரணம்.

வானத்திலிருந்தும் ஒரு சாட்சி உண்டு. காலிப்சோ என்ற செயற்கைக்கோள் மேகங்களை ஆராய்வதற்காகப் பச்சை லேசர் கதிரைப் பூமியை நோக்கி அனுப்பிக்கொண்டிருந்தது. அந்தக் கதிர் கடலின் மேல் சுமார் 20 மீட்டருக்குள்ளும் புகுந்து சிதறித் திரும்பும். அதே கடல்பரப்பின் பகல் அளவையும் இரவு அளவையும் கழித்துப் பார்த்தால் இரவில் மட்டும் வந்து சேர்ந்தவை எவ்வளவு என்று தெரியும். பத்தாண்டுத் தரவுகளை இப்படி அலசி 2019இல் வெளியிட்டார்கள். உலகக் கடல்கள் எங்கும் இரவில் கூடுதல் சிதறல் இருந்தது. தெளிந்த, சத்துக் குறைந்த நடுக்கடல்களில் இப்படி ஏறி இறங்கும் விலங்குகளின் மொத்த எடை குறைவு. ஆனால் அங்கிருக்கும் விலங்குகளில் ஏறி இறங்குபவற்றின் பங்கு அதிகம். தண்ணீர் தெளிவாக இருந்தால் பகலில் மேலே நிற்பது ஆபத்து, அதனால் அதிகமானவை ஒளிந்துகொள்கின்றன என்று இதைப் புரிந்துகொள்கிறார்கள்.

‘எதற்காக’ என்ற கேள்விக்கு இது நம்மைக் கொண்டு வந்து விடுகிறது. இனி ஒரே ஒரு உயிரியைப் பார்ப்போம். பிளூரோமாமா என்று ஒரு கோப்பிபாட். கோப்பிபாட் என்பது இறால், நண்டுகளின் உறவான சிற்றுயிரி. இந்தியப் பெருங்கடலிலும் நிறைய உண்டு. 3 மில்லிமீட்டர் நீளம், அரிசிமணியில் பாதி. கண்ணாடி போன்ற உடல், முன்னால் உடல் நீளத்துக்கு நீண்ட இரண்டு உணர்கொம்புகள். மார்பின் ஒரு பக்கத்தில் மட்டும் ஒரு கறுப்புப் பொட்டு இருக்கும். நுண்ணோக்கியில் வைத்த உடனே இது பிளூரோமாமா என்று சொல்லிவிட அந்தப் பொட்டு போதும். சீண்டினால் நீல ஒளியைப் பீய்ச்சும். பகலில் சில நூறு மீட்டர் ஆழத்தில், குளிர்ந்த இருட்டில் கிடக்கிறது. கோப்பிபாட்களில் பெரும்பாலானவற்றின் கண் உருவம் பார்க்கும் கண் இல்லை. வெளிச்சம் எந்தப் பக்கம், கூடுகிறதா குறைகிறதா என்று மட்டும் சொல்லும். அது போதும். மேலிருந்து வரும் மங்கிய நீல வெளிச்சம் குறையத் தொடங்கியதும் கிளம்புகிறது. நொடிக்கு 3 சென்டிமீட்டர் என்று நீந்தினால் 300 மீட்டர் ஏற 10,000 நொடிகள், அதாவது மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. தன் நீளத்தைப் போல ஒரு லட்சம் மடங்கு தூரம். மேலே வந்து சேர்ந்ததும் விடிய விடியச் சாப்பாடு: தாவர மிதவையுயிரிகள், தன்னைவிடச் சிறிய விலங்குகள், கிடைத்ததெல்லாம். சூரியன் வருவதற்கு முன்பே இறக்கம்.

சாப்பாடு மேலே இருக்கிறது, ஏனென்றால் ஒளிச்சேர்க்கை மேலேதான் நடக்கும். அப்படியானால் அங்கேயே தங்கிவிடலாமே. ஏன் இறங்க வேண்டும்? பகலில் மேலே இருந்தால் மீன் கண்ணில் படும், அவ்வளவுதான். குளிர்ந்த நீரில் உடலின் செலவு குறையும், புறஊதாக் கதிரிலிருந்து தப்பலாம் என்றெல்லாம் காரணங்கள் சொல்லப்பட்டன. அவையும் ஓரளவு உண்மை. ஆனால் முதன்மைக் காரணம் மீன் என்பதற்கு நல்ல ஆதாரம் கடலிலிருந்து வரவில்லை, போலந்தின் தாத்ரா மலை ஏரிகளிலிருந்து வந்தது. அந்த ஏரிகள் ஒரே மாதிரியானவை: தெளிந்த குளிர்ந்த நீர். ஆனால் சிலவற்றில் மீன் காலம் காலமாக உண்டு. சிலவற்றில் மனிதர்கள் வெவ்வேறு காலங்களில் மீன்குஞ்சு விட்டார்கள். சிலவற்றில் மீனே கிடையாது. சைக்ளாப்ஸ் என்ற கோப்பிபாட்டின் ஒரே இனம் அவற்றில் வாழ்ந்தது. மாசியே கிளிவிச் என்ற ஆய்வாளர் ஏரி ஏரியாக அதன் இரவு ஆழத்தையும் பகல் ஆழத்தையும் அளந்து 1986இல் வெளியிட்டார். மீன் இல்லாத ஏரிகளில் சைக்ளாப்ஸ் பகலிலும் இரவிலும் ஒரே ஆழத்தில் இருந்தது. மீன் வந்து கொஞ்ச காலமான ஏரிகளில் கொஞ்சம் ஏறி இறங்கியது. மீன் மிகப் பழங்காலத்திலிருந்தே இருந்த ஏரிகளில்தான் ஏற்ற இறக்கம் மிக அதிகம். வெளிச்சமும் குளிரும் எல்லா ஏரிகளிலும் ஒன்றுதான். மாறியது மீன் மட்டும்.

இதற்கு நேர்மாறான ஒரு சாட்சியும் இருக்கிறது, எனக்கு அது இன்னும் பலமாகப் படுகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் டாபாப் விரிகுடா என்ற ஆழமான நீர்ப்பரப்பு உண்டு. அங்கே சூடோகலானஸ் என்ற சின்னக் கோப்பிபாட் பகலில் மேலே, இரவில் கீழே என்று தலைகீழாகப் போவதை 1983இல் பதிவு செய்தார்கள். அதைப் பிடித்துத் தின்பவை கண்ணால் வேட்டையாடும் மீன்கள் அல்ல. அம்புப் புழுக்களும் அதைவிடப் பெரிய ஊனுண்ணிக் கோப்பிபாட்களும் கிரில் என்ற இறால் போன்ற உயிரிகளும். அந்த வேட்டையாடிகள் மீனுக்குப் பயந்து வழக்கம்போல இரவில் மேலே வருகின்றன. அவை மேலே வரும்போது இந்தச் சின்னது கீழே நழுவுகிறது. சூரியன்தான் நேரடிக் காரணம் என்றால் இப்படி நடக்க வழியே இல்லை. தன்னைத் தின்பவர் எப்போது எங்கே இருப்பார் என்பதுதான் அட்டவணையைத் தீர்மானிக்கிறது. வெளிச்சம் அதற்கான கடிகாரம்.

மீன் இருப்பது அதற்கு எப்படித் தெரியும்? வாசனையால். டாஃப்னியா என்ற நன்னீர்த் தெள்ளுப்பூச்சியில் இதைப் பல ஆண்டுகள் தேடினார்கள். மீன் வளர்த்த தண்ணீரை ஊற்றினாலே அவை கீழே போய்விடும், ஆனால் அந்தத் தண்ணீரில் இருக்கும் பொருள் எது என்று பிடிபடாமல் இருந்தது. 2019இல் அது 5-ஆல்ஃபா சிப்ரினால் சல்ஃபேட் என்று கண்டறிந்தார்கள். மீனின் பித்த உப்பு. கொழுப்பைச் செரிக்க மீனுக்கு அது கட்டாயம் வேண்டும், அதனால் சுரப்பதை நிறுத்திக்கொண்டு ஒளிய முடியாது.

கடிகாரம் சூரியன் மட்டுமில்லை என்பதற்கு ஆர்க்டிக்கின் குளிர்காலம் நல்ல சாட்சி. அங்கே பல வாரங்கள் சூரியன் எழுவதே இல்லை. அப்போது நிலவு அந்த வேலையை எடுத்துக்கொள்கிறது. 2016இல் வெளிவந்த ஆய்வின்படி, முழுநிலவு வரும்போது, அதாவது 29.5 நாளுக்கு ஒருமுறை, மேற்பரப்பில் இருக்கும் மிதவையுயிரிகள் கூட்டமாக 50 மீட்டர் ஆழத்துக்கு இறங்குகின்றன. இருண்ட காலத்திலும் வேட்டை நிற்பதில்லை என்பது இதிலிருந்து தெரிந்தது.

இந்த ஏற்ற இறக்கத்தால் கடலுக்கு என்ன ஆகிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேலே சாப்பிட்டதைக் கீழே போய் மூச்சாகவும் கழிவாகவும் விடுகின்றன. மேற்பரப்பில் காற்றிலிருந்து கரைந்த கரிமத்தின் ஒரு பங்கு இப்படி நேராகச் சில நூறு மீட்டர் கீழே இறங்குகிறது. அங்கிருந்து அது மேலே திரும்ப வெகுகாலம் ஆகும். ஆழத்துக்குப் போகும் உயிர்க்கரிமத்தில் இந்தப் பயணத்தின் பங்கு ஏழில் ஒன்று என்றும் அதற்கு இரண்டு மடங்குக்கும் மேல் என்றும் மாதிரிக் கணக்குகள் வேறுபடுகின்றன. வேறுபாட்டுக்குக் காரணம் மேலே சொன்ன அதே எடைச் சிக்கல்தான்.

இப்போது சிங்கப்பூர். இங்கே அந்தப் பெரிய படலத்தைத் தேடினால் கிடைக்காது. நாம் இருப்பது சுந்தா மேடை என்ற ஆழம் குறைந்த கடலடிப் பரப்பின் மேல். பனியுகத்தில் இது காய்ந்த நிலம். சிங்கப்பூர் நீரிணை பெரும்பாலும் சில பத்து மீட்டர் ஆழம்தான். சில நூறு மீட்டர் இறங்க வேண்டிய பிளூரோமாமாவுக்கு இங்கே இடமே இல்லை. அதோடு நீர் கலங்கல், நீரோட்டம் பலமாக இருப்பதால் மேல்நீரும் கீழ்நீரும் கலந்துகொண்டே இருக்கும். 3 மில்லிமீட்டர் உயிரி தான் விரும்பிய ஆழத்தில் நிற்பதே பாடு. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கலங்கல் நீரில் சில மீட்டருக்குக் கீழே பகலிலும் மங்கல்தான். மீன் கண்ணிலிருந்து தப்ப அதிக ஆழம் போக வேண்டியதே இல்லை. உண்மையான படலத்தைப் பார்க்க வேண்டுமானால் மேடையின் விளிம்பைத் தாண்டி, வடகிழக்கே தென்சீனக் கடலின் ஆழப் பள்ளத்துக்கோ வடமேற்கே அந்தமான் கடலுக்கோ கப்பலில் போக வேண்டும்.

ஆனால் அதன் சிறிய வடிவம் இங்கே உண்டு. பவளப்பாறைகளிலும் கடற்புல் திடல்களிலும் பகலெல்லாம் மணலிலும் இடுக்கிலும் ஒளிந்திருக்கும் சிற்றுயிரிகள், இருட்டியதும் தளத்தைவிட்டு மேல்நீருக்கு எழும்பும், விடிவதற்குள் திரும்பும். குட்டி இறால் வடிவங்கள், கோப்பிபாட்கள், பலசுணைப் புழுக்கள், நண்டுக் குஞ்சுகள். தூரம் சில மீட்டர்தான், காரணம் அதே மீன்தான். பவளப் பூச்சிகளில் பல இனங்கள் இரவில் உணர்கைகளை விரித்து வைப்பதும் இந்த வரவை எதிர்பார்த்துத்தான். நம் பக்கத்துக் கெலோங்குகளில் ராத்திரி விளக்கு தொங்கவிட்டு நெத்திலி பிடிப்பார்கள் அல்லவா? விளக்கு முதலில் இழுப்பது சிற்றுயிரிகளை, அவற்றின் பின்னால் நெத்திலி.

விளக்கைப் பற்றி ஒரு கவலையும் எனக்கு உண்டு. 2020இல் ஆர்க்டிக்கின் துருவ இரவில் ஒரு சோதனை செய்தார்கள். கப்பலின் சாதாரண வேலை விளக்குகளைப் போட்டால், 200 மீட்டர் ஆழம் வரை இருக்கும் மீன்களும் மிதவையுயிரிகளும் தம் இடத்தை மாற்றிக்கொள்கின்றன. அது மிகத் தெளிந்த, மிக இருண்ட கடல். நம் கலங்கல் நீரில் வெளிச்சம் அவ்வளவு ஆழம் போகாது. ஆனால் நம்முடையது சில பத்து மீட்டர் கடல். நங்கூரமிட்ட கப்பல்கள், துறைமுகம், கரையோரக் கட்டடங்கள், மேகத்தில் பட்டுத் திரும்பும் நகரத்து வெளிச்சம் எல்லாம் அதன் மேல்தான் விழுகின்றன. தளத்திலிருந்து எழும்ப இருட்டை எதிர்பார்க்கும் உயிரிகளுக்கு முழு இருட்டு என்பதே கரையோரத்தில் அரிதாகிவிட்டது.

மகளுக்கு நேரில் பார்க்க ஆசை இருந்தால் பெடோக் ஜெட்டி போன்ற இடம் போதும். இரவில், ஓட்டம் தணிந்திருக்கும் நேரமாகப் பார்த்து, டார்ச்சை ஒரே இடத்தில் நீரில் அடித்தபடி ஐந்து பத்து நிமிடம் காத்திருங்கள். ஒளிவட்டத்துக்குள் தூசிபோலப் புள்ளிகள் கூடும். தூசி ஓட்டத்தோடு மிதந்து போகும். இவை விட்டு விட்டுத் துள்ளும். கயிறு கட்டிய வாளியில் மொண்டு, தெளிந்த கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றிப் பக்கவாட்டில் வெளிச்சம் காட்டினால் உணர்கொம்பு தெரியும், சிலவற்றில் நெற்றியில் சிவப்பு மணிபோல ஒற்றைக் கண் தெரியும். பார்த்துவிட்டுக் கடலிலேயே ஊற்றிவிடுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை, பள்ளியில் இதைச் செயல்திட்டமாக எழுதுவாள் என்றால் முக்கியம். டார்ச்சுக்கு வந்தவை ஒளியால் இழுக்கப்பட்டவை. அதை வைத்து இரவில் மேலே ஏறின என்று முடிவு கட்டக் கூடாது. ஏற்றத்தைக் காட்ட வேண்டுமானால் விளக்கே இல்லாமல், ஒரே இடத்தில், ஒரே அளவு நீரைப் பகலிலும் இரவிலும் மொள்ள வேண்டும். அதே நீரேற்ற நிலையிலும் மொள்ள வேண்டும், ஏனென்றால் ஏற்றநீரும் வற்றுநீரும் வேறு வேறு கடலிலிருந்து வேறு வேறு உயிரிகளைக் கொண்டு வரும். நுண்ணிய துணியில் வடிகட்டி எண்ண வேண்டும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஒருமுறை செய்தால் நிலவின் பங்கும் கொஞ்சம் தெரியவரும். இரவு எண்ணிக்கை தொடர்ந்து கூடுதலாக இருந்து, அதுவும் பகலில் கிடைக்காத தளவாசி இனங்களால் கூடியிருந்தால், அவள் கண்டது ஏற்றம்தான்.